எலும்பில் இல்லாத தும்பிக்கை: பூதங்களும் கடல் அரக்கர்களும் எங்கிருந்து வந்திருக்கலாம்?

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில்தான் எங்கள் அம்மிச்சி ஊர். மூன்றாம் வகுப்பு கோடை விடுமுறையில், மாடு ஓட்டிக்கொண்டு போன அப்புச்சியின் பின்னாலேயே நானும் போனேன். காட்டோரத்தில் வனக்காவலர்கள் தங்கும் ஒரு கொட்டகை. அதன் வாசலில், திண்ணையை ஒட்டி, வெயிலில் வெளுத்துப்போன ஒரு பெரிய மண்டையோடு கிடந்தது. நெற்றிக்கு நடுவில் என் இரண்டு கையும் நுழையும் அளவுக்கு அகலமான ஒரு குழி.

"ஏனுங்க அப்புச்சி, இதென்ன ஓட்டை?"

"அதுதான் கண்ணு தும்பிக்கை இருந்த எடம். ஆனையோட மண்டை."

அதோடு பேச்சு முடிந்தது. மாடு வேறு பக்கம் போய்விட்டதே என்பதுதான் அவருடைய கவலை.

போன வருடம் அக்கா மகனை அதே பக்கம் கூட்டிப் போயிருந்தேன். வெளிநாட்டிலேயே வளர்ந்தவன். யானையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். வேறொரு முகாமில் இதே மாதிரி ஒரு மண்டையோடு இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இதுக்கு ஒரே கண்ணா?"

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அவன் தவறாகப் பார்க்கவில்லை. யானையை அறியாத எவர் பார்த்தாலும் அந்த எலும்பு அப்படித்தான் தெரியும். ராட்சசக் கதைகளுக்கும் நிஜ விலங்குகளுக்கும் இருக்கும் தொடர்பைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மண்டையோட்டிலிருந்து தொடங்கலாம்.

தும்பிக்கையில் எலும்பே கிடையாது. மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட, முழுக்கத் தசையால் ஆன உறுப்பு அது. யானை செத்துச் சதை மக்கிப்போனால் தும்பிக்கை இருந்த சுவடே இருக்காது. அது முகத்தோடு சேர்ந்திருந்த இடத்தில் மூக்குத் துவாரம் மட்டும் மிஞ்சும். பெரும்பாலான விலங்குகளுக்கு மூக்குத் துவாரம் முகத்தின் முனையில் இருக்கும். யானைக்கோ அது மேலே, நெற்றிப் பக்கம், சரியாக நடுவில் இருக்கிறது. அளவும் பெரிது. அப்படியானால் கண்குழி எங்கே? இரண்டு பக்கவாட்டிலும், கீழே தள்ளி இருக்கிறது. அதன் பின்பக்கத்தை எலும்பு வளைத்து மூடியிருக்காது. அதனால் அது கண்குழி போலவே தெரியாது, எலும்பில் விழுந்த ஒரு பள்ளம் மாதிரி இருக்கும். மனிதன் முகத்தைத் தேடிப் பழகிய கண் முதலில் நடுக்குழியில்தான் போய் நிற்கும். தந்தம் கழன்று விழுந்திருந்தால், அல்லது தந்தமில்லாத பெண் யானையாக இருந்தால், யானை என்று சொல்லக்கூடிய கடைசி அடையாளமும் போய்விடும்.

சரி, இதற்கும் புராணக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

இத்தாலிக்குத் தெற்கே சிசிலி என்று ஒரு பெரிய தீவு. கிரேக்கர்களின் பழங்கதையில் சைக்ளோப்ஸ் என்ற ஒற்றைக்கண் ராட்சசர்கள் வருவார்கள். குகையில் இருப்பார்கள், ஆடு மேய்ப்பார்கள், ஆளைப் பிடித்துத் தின்பார்கள். பிற்காலக் கிரேக்கர்கள் அவர்களுடைய ஊர் சிசிலிதான் என்று நம்பினார்கள். அதே சிசிலியின் குகைகளில் குட்டை யானைகளின் எலும்புகள் நிறையக் கிடைக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே யானைகள் இருந்தன. தீவில் தீவனம் குறைவு, பெரிய வேட்டை விலங்கும் இல்லை. அதனால் தலைமுறை தலைமுறையாக உடல் சிறுத்து, அவற்றில் ஓர் இனம் வளர்ந்த பிறகும் தோள் உயரம் சுமார் 1 மீட்டர்தான் இருந்தது. நம் காங்கேயம் மாட்டைவிடக் குட்டை. கிரேக்கர்கள் அந்தத் தீவில் குடியேறியபோது யானைகள் அற்றுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. எலும்புகள் மட்டும் குகையில் இருந்தன.

1914-ல் ஓத்தேனியோ ஆபெல் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். யானையையே அறியாத ஒருவன் குகைக்குள் நுழைகிறான். மனிதத் தலையைவிடப் பல மடங்கு பெரிய மண்டையோடு, நடுவில் ஒரே குழி. பக்கத்தில் தூண் மாதிரி தொடை எலும்புகள். யானையின் தொடை எலும்பு மனிதனுடையதைப் போலவே நேராக, நீளமாக இருக்கும். ஒற்றைக்கண் ராட்சசன் குகையில் வாழ்ந்து செத்திருக்கிறான் என்று அவன் ஊருக்குள் போய்ச் சொன்னால் அதில் பொய் என்ன இருக்கிறது? பார்த்ததைத்தான் சொல்கிறான்.

அடிப்படைக் கருத்து இவ்வளவுதான். செத்த உடலில் எது முதலில் அழியும், எது மிஞ்சும் என்பது அந்த விலங்கின் உடம்பைப் பொறுத்தது. உயிரோடு இருக்கும்போது அதை அடையாளம் காட்டிய பாகமே பல நேரங்களில் முதலில் அழிந்துவிடும். மிஞ்சியதை வைத்து, இல்லாததைப் பார்ப்பவர் தன் மனதால் நிரப்பிக்கொள்கிறார்.

காண்டாமிருகத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு அடையாளமே கொம்பு. ஆனால் அந்தக் கொம்பு எலும்பு இல்லை. நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனது, மூக்கெலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மண்ணுக்குள் போனால் பெரும்பாலும் மக்கிப்போய்விடும். மிஞ்சுவது கொம்பில்லாத, நீளமான, முன்பக்கம் வளைந்த ஒரு மண்டையோடு. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகருக்குப் பக்கத்தில் 1335-ல் அப்படி ஒன்று கிடைத்தது. பனியூழிக் காலத்தில் வாழ்ந்த கம்பளிக் காண்டாமிருகத்தின் தலை அது. காண்டாமிருகமே இல்லாத நாட்டில் அதை யார் கண்டுபிடிப்பார்கள்? சதுப்பு நிலத்தில் ஒரு பறக்கும் பாம்பரக்கன் இருந்தான், காளையைத் தூண்டில் இரையாக வைத்து அவனைப் பிடித்துக் கொன்றார்கள் என்பது அந்த ஊர்க் கதை. இது அவனுடைய தலைதான் என்று முடிவு செய்து பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 16-ம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் நடுவே அந்த அரக்கனுக்கு ஒரு பெரிய கல்சிலை செய்தபோது, தலையை இந்த மண்டையோட்டைப் பார்த்துத்தான் செதுக்கினார்கள். சிலை இன்றும் அங்கே இருக்கிறது. கதை மண்டையோட்டுக்கு முன்பே இருந்திருக்கலாம். ஆனால் கதைக்கு முகம் கொடுத்தது எலும்புதான்.

கடலில் நடப்பது இன்னும் விசித்திரம். கடல் அரக்கனைப் பார்த்ததாக வரும் செய்திகளில் பல, பாதி அழுகிய சுறாக்கள்.

1977 ஏப்ரலில் நியூசிலாந்துக்குக் கிழக்கே மீன்பிடித்துக்கொண்டிருந்த சூயோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலின் வலையில், சுமார் 300 மீட்டர் ஆழத்திலிருந்து ஓர் அழுகிய உடல் வந்தது. நீளம் 10 மீட்டர், எடை 2 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. சின்னத் தலை, நீண்ட கழுத்து, நான்கு துடுப்புகள், மெல்லிய வால். டைனோசர் காலத்தில் கடலில் வாழ்ந்த பிளீசியோசர் என்ற நீள்கழுத்து ஊர்வனவின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது அப்படியே அதுவாகவே தெரிந்தது. நாற்றம் தாங்காமல், பிடித்த மீன் கெட்டுவிடும் என்று உடலைக் கடலிலேயே போட்டுவிட்டார்கள். அதற்கு முன் கப்பலில் இருந்த ஒருவர் புகைப்படம் எடுத்து, அளந்து, துடுப்பிலிருந்து கொஞ்சம் நாரை வெட்டி வைத்துக்கொண்டார். அந்த நார் மட்டும் இல்லாவிட்டால் இந்த வழக்கு இன்றுவரை முடிந்திருக்காது.

அந்த உடல் எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பாஸ்கிங் சுறா என்று ஒரு பெருஞ்சுறா உண்டு. உலகின் மீன்களில் திமிங்கலச் சுறாவுக்கு அடுத்துப் பெரியது. வாயை அகலத் திறந்துகொண்டு நீந்தி, கடல்நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் மிகச் சிறிய உயிர்களைத் தின்னும். நாம் அதன் 'தலை' என்று பார்ப்பதில் பெரும்பகுதி தாடையும் செவுள்களும்தான். மூளை இருக்கும் பெட்டி மிகச் சிறியது. சுறாவுக்கு எலும்பு கிடையாது, உடம்பெல்லாம் குருத்தெலும்பு. தாடை மண்டையோடு இறுக்கமாகச் சேர்ந்திருக்காது, தொங்கிக்கொண்டிருக்கும். செத்து மிதக்கும்போது முதலில் தாடை கழன்று விழும், கூடவே செவுள் வளையங்களும் போய்விடும். இப்போது சின்ன மூளைப்பெட்டியும் அதற்குப் பின்னால் வெறும் முதுகுத்தண்டும் மட்டும். சின்னத் தலையும் நீண்ட கழுத்தும் தயார்.

வாலுக்கும் அதே கதி. சுறா வாலில் மேல் பாதிக்குள் மட்டும்தான் முதுகுத்தண்டு போகிறது. கீழ்ப் பாதிக்குத் தாங்கல் இல்லை, அது உதிர்ந்துவிடும். அகல வால் மெல்லிய பாம்பு வாலாகிவிடும். முன்துடுப்பும் பின்துடுப்பும் கொஞ்சம் கெட்டியானவை என்பதால் தங்கிவிடும், நான்கு கால் மாதிரி. ஆண் சுறாவாக இருந்தால் பின்துடுப்புக்குப் பக்கத்தில் இனப்பெருக்க உறுப்பு இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் காலென்று எண்ணிவிடுவார்கள். 1808-ல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்ட்ரான்சே தீவில் ஒதுங்கிய உடலுக்கு ஆறு கால் இருந்ததாகப் பார்த்தவர்கள் சத்தியம் செய்து சொன்னார்கள். துடுப்பு நைந்து உள்ளே இருக்கும் நார்கள் பிரிந்து தொங்கினால் அது பிடரி மயிர். கடல்பாம்புக்குக் குதிரைப் பிடரி உண்டு என்ற வர்ணனை இப்படியும் வந்திருக்கலாம்.

கப்பலில் வெட்டி வைத்த நாரைச் சோதித்தபோது, அதன் புரதம் சுறா வகைகளின் துடுப்பில் இருக்கும் புரதத்தோடு ஒத்துப்போனது. பாஸ்கிங் சுறாவின் நாரோடு ஒப்பிட்டதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஊர்வன எதற்கும் அந்த நார் கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த விளக்கங்கள் கேட்க மிகவும் நன்றாக இருக்கும். கேட்க நன்றாக இருப்பதாலேயே நம்பிவிடுகிறோம். ஒரு கதையையும் ஓர் எலும்பையும் முடிச்சுப்போடும் முன் நான் முதலில் பார்ப்பது, அந்த எலும்பு கதை பிறந்த இடத்தில் கண்ணில் படும்படி இருந்ததா என்பது. அடுத்து, அந்த எலும்பு மனிதர் கண்ணில் படுவதற்கு முன்பே கதை இருந்ததா என்பது. கடைசியாக, யாராவது அந்த எலும்பை எடுத்து 'இது இன்னாருடையது' என்று சொன்னதற்குப் பதிவு இருக்கிறதா என்பது. கிளாகன்ஃபுர்ட் மண்டையோட்டுக்கு முதலாவதும் மூன்றாவதும் உறுதியாக இருக்கின்றன. சிசிலி யானைக்கு முதலாவது மட்டும்தான் இருக்கிறது. பழைய கிரேக்கர் யாரும் 'குகையில் ஒற்றைக்குழி மண்டையோட்டைப் பார்த்தோம், சைக்ளோப்ஸ் என்று தெரிந்துகொண்டோம்' என்று எழுதி வைக்கவில்லை. கதையில் எலும்பைப் பற்றிப் பேச்சே இல்லை. போதாததற்கு, ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டி பிறப்பது அரிதாக நடப்பதுதான். ஆடு மேய்க்கும் ராட்சசன் கதைக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா? அதனால் ஆபெல் சொன்னதை அழகான சாத்தியம் என்றுதான் சொல்வேன், முடிவு என்று சொல்ல மாட்டேன்.

கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் கதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கோபி பாலைவனத்தில் கிடைக்கும், கிளி மூக்கு போன்ற அலகுள்ள புரோட்டோசெராடாப்ஸ் டைனோசரின் எலும்பைப் பார்த்து, தங்கம் தேடிப் போனவர்கள் கட்டிய கதை அது என்று அட்ரியன் மேயர் என்ற ஆய்வாளர் சொன்னார். உலகம் முழுக்கப் பரவிய விளக்கம். ஆனால் இரண்டாவது கேள்வியிலேயே அது தடுக்கி விழுகிறது. கிரேக்கர்கள் அந்தப் பாலைவனத்தைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்பே எகிப்திலும் மெசபடோமியாவிலும் கிரிஃபின் உருவங்கள் இருந்தன. தங்கம் கிடைத்த இடங்களுக்கும் அந்த எலும்புகள் கிடைக்கும் இடங்களுக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் வேறு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கொங்கு நாட்டில் இப்படி எலும்பிலிருந்து பிறந்த பூதம் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. அதற்குக் காரணம் காலடியிலேயே இருக்கிறது. சேலம், நாமக்கல், ஈரோடு, திருப்பூர், கோவை முழுவதும் நிற்பது மிகப் பழைய பாறையின் மேல். பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறிய பாறை, அதில் பெரும்பகுதி 250 கோடி ஆண்டு வயதுடையது. விலங்குகள் தோன்றியே 60 கோடி ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. நம் கிணறு வெட்டும் பாறையில் புதைபடிவம் எதுவும் கிடைக்காது. ஆனால் காவிரியோடு கிழக்கே கரூர், திருச்சியைத் தாண்டி அரியலூர்ப் பக்கம் போனால் நிலமே வேறு. சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் அங்கே கடல் இருந்தது. வயலிலும் ஓடைக்கரையிலும் அம்மோனைட் என்ற அற்றுப்போன கடல் உயிரின் சுருள் சுருளான கல்லும் சுறாப்பல்லும் கிடைக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சிசிலிக்காரர்களுக்கு யானை எலும்பு மட்டும் தெரியும், யானை தெரியாது. நமக்கு யானை தெரியும். என் அப்புச்சி அந்தக் குழியைப் பார்த்ததும் தும்பிக்கையைத்தான் பார்த்தார். உயிருள்ள விலங்கை அறிந்த ஊரில் அதன் எலும்பு பூதமாகாது.

அவிநாசிக் கதையைக் கேட்டால் இது விளங்கும். குளத்தில் குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. சில வருடம் கழித்து அந்த வழியாக வந்த சுந்தரர், ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலியும் எதிர் வீட்டில் அழுகையும் கேட்டு விசாரித்து, குளக்கரையில் நின்று பாடுகிறார். 'கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே' என்ற வரி அந்தப் பதிகத்தில் வருகிறது. முதலை பிள்ளையைக் கொண்டுவந்து தருகிறது, இடையில் போன வருடங்களின் வளர்ச்சியோடு. சுமார் 1,200 ஆண்டுப் பழமையான பாட்டு. அற்புதம் முழுவதும் பிள்ளை திரும்பியதில் இருக்கிறது. முதலை மட்டும் முதலையாகவே இருக்கிறது. அதற்கு ஏழு தலை இல்லை, நெருப்பு உமிழவில்லை. ஊர்க்காரர்களுக்கு அந்த விலங்கு நன்றாகத் தெரியும். நன்னீர் முதலை குளத்தங்கரையில் வளை தோண்டிக்கொள்ளும், தண்ணீர் வற்றினால் தரைவழியே நடந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும். ஆகவே ஊர்க்குளத்தில் முதலை என்பது கற்பனை இல்லை. இன்றும் உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணையில் காட்டு முதலைகள் இருக்கின்றன. பக்கத்திலேயே முதலைப் பண்ணையும் இருக்கிறது. அவிநாசியில் இப்போது முதலை கிடையாது. ஒரு காலத்தில் அது எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு அந்தப் பதிகமும் ஒரு சின்னத் தடயம் என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் நம் கோயில்களில் இருக்கும் மகரம்? சாமிக்குப் பின்னால் இருக்கும் திருவாசியின் இரண்டு அடிப்பக்கமும் வாயைத் திறந்துகொண்டு இருக்குமே, அது. கடல் விலங்கு என்பார்கள். முதலையின் வாய், மீனின் உடல், பூவேலையாக விரியும் வால். அரியலூர்ப் பக்கத்துக் கல்லான எலும்பு எதையாவது பார்த்துச் செய்திருப்பார்களோ என்று அக்கா மகன் கேட்டான். ஒரு நொடி எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் அவனைத் திருவாசிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் அந்த முகத்தைக் காட்டினேன். மேல்தாடை நுனி நீண்டு, மேலே வளைந்து, சுருண்டு நிற்கிறது. தும்பிக்கை. எந்த எலும்பிலும் அது மிஞ்சாது. அதை முதலில் வடித்தவன் உயிரோடு நடமாடும் யானையைப் பார்த்தவன்.